ஹசப் பரீட்சை: வெலிடேஷனா, வெரிஃபிகேஷனா?

உணவுப் பாதுகாப்பு முறையான ஹசப் பற்றிய பரீட்சையில் வெலிடேஷனையும் வெரிஃபிகேஷனையும் பிரித்தறியச் சொல்லும் கேள்விகள் வரும். அதற்கு நுவரெலியாப் பக்கம் ஒரு சின்னப் பால் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 50 லீற்றர் கலனில் பாலை 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்துப் பாஸ்சரைஸ் செய்கிறார்கள். திட்டத்தில் ஆபத்தைக் கட்டுப்படுத்தும் முக்கிய கட்டம், அதாவது சி.சி.பி., அதுதான்.

படி 1: திட்டம் பலிக்குமா?

இதுதான் வெலிடேஷன். 63 பாகையும் 30 நிமிடமும் கிருமிகளுக்குப் போதும் என்பதற்கு ஏற்கெனவே விஞ்ஞானச் சான்று உண்டு. ஆனால் அந்தச் சூடு உங்கள் கலனின் எல்லா மூலைக்கும் போகிறதா என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். கலனை நிரப்பி, அடியில் வால்வு ஓரம், நடு, மேல் என்று வெப்பமானிகளை வைத்துப் பாருங்கள். கடைசியாக 63ஐத் தொடும் இடத்தை வைத்துத்தான் 30 நிமிடத்தை எண்ண வேண்டும்.

படி 2: சொன்னபடி நடக்கிறதா?

உற்பத்தி தொடங்கியபின் ஊழியர் ஒவ்வொரு முறையும் சூட்டைப் பார்த்து எழுதுவது கண்காணிப்பு. பலர் இதையே வெரிஃபிகேஷன் என்று நினைத்துச் சறுக்குவது இங்கேதான். அந்தப் பதிவேட்டை மேற்பார்வையாளர் பின்னர் பார்த்துக் கையொப்பமிடுவது, வெப்பமானியைச் சரிபார்ப்பது, பாலில் இயல்பாக இருந்து, சரியான பாஸ்சரைஸில் அழிந்துவிடும் பொஸ்பேட்டேஸ் என்ற நொதி மிச்சமிருக்கிறதா என்று சோதனை செய்வது எல்லாம் வெரிஃபிகேஷன்.

மலைநாட்டுக்காரருக்கு ஒரு விஷயம். நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். இது தெரியாமல் கொதிநீரில் வெப்பமானியை விட்டு, 100 காட்டும்படி திருத்தினால், அது 63 என்று காட்டும்போது பால் 57இல்தான் இருக்கும். பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். பொஸ்பேட்டேஸ் மட்டும் அழியாமல் நின்று காட்டிக்கொடுக்கும். உருகும் பனிக்கட்டி நீரில் 0 காட்டுகிறதா என்று பார்ப்பதே இங்கே நல்லது.

படி 3: வினாவின் சொற்கள்

“கட்டுப்படுத்த வல்லதா”, “போதுமான சான்று”, “நடைமுறைப்படுத்த முன்” என்று வந்தால் வெலிடேஷன். “திட்டமிட்டபடி இயங்குகிறதா”, “பதிவுகளை மீளாய்வு செய்தல்”, “கண்காணிப்புக்கு மேலதிகமாக” என்றால் வெரிஃபிகேஷன்.

ஆனால் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போகவும் கூடாது. இப்படி ஒரு கேள்வி வரலாம்:

“50 லீற்றர் கலனுக்குப் பதிலாக 200 லீற்றர் கலன் பொருத்தப்பட்டுள்ளது. உற்பத்திக்கு முன் செய்ய வேண்டியது எது? (அ) பழைய பதிவேடுகளை மீளாய்வு செய்தல் (ஆ) வெப்பமானியைச் சரிபார்த்தல் (இ) நிரம்பிய கலனில் மிக மெதுவாகச் சூடேறும் இடத்தைக் கண்டு அளத்தல்.”

(ஆ) ஆளை இழுக்கும், ஏனென்றால் அதையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் கலன் மாறியதால், பழைய கலனில் எடுத்த சான்று இதற்குச் செல்லாது. மறுபடி வெலிடேஷன் தேவை, விடை (இ).

அப்புறம் பொஸ்பேட்டேஸ். புதுக் கலனின் பரீட்சார்த்த ஓட்டத்தில் அதைச் செய்தால் வெலிடேஷனுக்குச் சான்று சேர்க்கிறீர்கள். அதே சோதனை கிழமைதோறும் நடந்தால் வெரிஃபிகேஷன். கேள்வியில் “எப்போது” என்பதற்குக் கீழே கோடு போட்டுவிட்டு விடையைத் தேடுங்கள்.