கேப்ஸ்டோன் ப்ராஜெக்டுக்கு டேட்டாசெட் எடுக்குறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் புதுசா டேட்டா அனாலிசிஸ் கத்துக்குற மூணு பேரோட கேப்ஸ்டோன் ப்ராஜெக்ட பாத்துக் குடுத்தேன். மூணுலயும் நான் முதல் ப்ராஜெக்ட்ல பண்ண அதே தப்பு இருந்துச்சு, அதான் எழுத உக்காந்துட்டேன். எல்லாரும் எடுக்குற டைட்டானிக் டேட்டாசெட்ட எடுக்காதீங்க, கிராஃபுக்கு லேபிள் போடுங்கன்னு எல்லாரும் சொல்லியாச்சு, அத விட்டுடறேன்.

ஃபீல்டு எப்படி நிரம்புதுன்னு பாக்காமலே கேள்விய முடிவு பண்றது

இது இன்னிக்கும் எனக்கு எரிச்சல் குடுக்குற தப்பு. நியூயார்க் டாக்ஸி அண்ட் லிமோசின் கமிஷன் வெளியிடுற யெல்லோ டாக்ஸி டேட்டா எல்லாருக்கும் ஃப்ரீயா கிடைக்கும், 2009ல இருந்து இருக்கு, ஒரு ட்ரிப்புக்கு ஒரு ரோ. நான் அத எடுத்து "யாரு அதிகமா டிப் குடுக்குறாங்க"ன்னு கேள்வி வெச்சேன். `payment_type`ல 1னா கார்டு, 2னா கேஷ். ரெண்டுக்கும் சராசரி டிப் பாத்தா கார்டுல நல்ல தொகை, கேஷ்ல கிட்டத்தட்ட பூஜ்ஜியம். உடனே "கேஷ் குடுக்குறவங்க டிப் குடுக்குறதில்ல"ன்னு பெரிய தலைப்பு போட்டு, பார் சார்ட் வெச்சு, ஆறு வாரம் அதையே மெருகேத்திட்டு இன்டர்வியூக்குப் போனேன்.

எதிர்ல இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "கேஷா குடுத்த டிப் இந்த ஃபீல்டுக்குள்ள எப்படிங்க வரும்?"

என்கிட்ட பதில் இல்ல. டேட்டா டிக்‌ஷனரில `tip_amount`க்கு நேரா தெளிவா போட்டிருக்காங்க, கார்டு டிப் மட்டும்தான் தானா பதிவாகும், கேஷ் டிப் சேராதுன்னு. டிரைவர் கைல குடுத்த காசு மெஷினுக்குத் தெரியாது. அப்போ அந்த 0க்கு அர்த்தம் "குடுக்கல" இல்ல, "பதிவாகல". நான் கண்டுபிடிச்சதா நெனச்சது பயணிங்க குணம் இல்ல, மெஷின் வேலை செய்யுற விதம்.

இதுல மாட்டிக்கிறதுக்கு காரணம் என்னன்னா, மதிப்பு காலியா இல்ல, 0ன்னு நிக்குது, அதனால `isnull()` போட்டா எல்லாம் சுத்தமா இருக்குற மாதிரியே காட்டும். அதுக்குப் பதிலா ஒவ்வொரு குழுவுலயும் எத்தன பங்கு 0ன்னு பாருங்க:

```python
(df["tip_amount"] == 0).groupby(df["payment_type"]).mean()
```

ஒரு குழுவுல மட்டும் இது 1ஐ ஒட்டி வந்தா நிறுத்திட்டு டிக்‌ஷனரிய திறங்க. மனுஷங்க லட்சக்கணக்குல சேந்து ஒரே மாதிரி நடந்துக்க மாட்டாங்க, அப்படி தெரிஞ்சா பெரும்பாலும் பதிவு பண்ற விதத்துலதான் விஷயம் இருக்கும்.

சரி, கேஷ் ரோவ தூக்கிட்டா போதுமான்னா, போதாது. அப்போ உங்க முடிவு கார்டு பயணிங்களுக்கு மட்டும்தான் செல்லும்னு முதல் பக்கத்துலயே எழுதணும். `total_amount`லயும் கேஷ் டிப் கிடையாது, அதனால டிரைவர் வருமானத்த அத வெச்சு கணக்கு போட்டா கொறச்சுதான் வரும்.

இந்த டேட்டா தாங்குற கேள்விக்கு மாறிடுங்க. உதாரணமா கார்டு ட்ரிப்ப மட்டும் எடுத்து, ஜேஎஃப்கே ஏர்போர்ட்டோட நிலையான கட்டண ட்ரிப்புல (`RatecodeID` 2) டிப் சதவீதம் சாதாரண மீட்டர் ட்ரிப்ப விட மாறுதான்னு பாக்கலாம். மொத்த டிப்தான் வேணும்னா ரெண்டு கணக்கு போடுங்க: கேஷ் ஆளுங்க ஒண்ணுமே குடுக்கலன்னா எவ்வளவு, கார்டு ஆளுங்க மாதிரியே குடுத்திருந்தா எவ்வளவு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கலாம்னு, எத வெச்சு அப்படி எடுத்துக்கிட்டீங்கன்னும் சேத்து சொன்னீங்கன்னா, வேலைக்கு எடுக்குறவங்களுக்கு நீங்க யோசிச்ச விதம் அங்கயே தெரிஞ்சுடும். அந்த ரெண்டு நம்பர் இருந்திருந்தா அன்னிக்கு இன்டர்வியூல எனக்குப் பேச விஷயம் இருந்திருக்கும்.

நடந்து முடிஞ்சப்புறம் தெரியுறத வெச்சு கணிக்கிறது

யூசிஐ தளத்துல இருக்குற பேங்க் மார்க்கெட்டிங் டேட்டால `duration`ன்னு ஒரு ஃபீல்டு, கடைசி போன் கால் எத்தன செகண்ட் நீடிச்சதுன்னு. கஸ்டமர் டெபாசிட் போடுவாரான்னு கணிக்க இத சேத்தா மாடல் அபாரமா வரும். ஆனா யாருக்கு போன் போடலாம்னு முடிவு பண்றப்போ அந்த நம்பரே இருக்காது, கால் முடிஞ்சாதான் வரும். நிஜமா பயன்படுற மாடல்னா இத தூக்கிடுங்கன்னு டேட்டா விளக்கத்துலயே சொல்லியிருக்காங்க.

நாலு டேட்டாசெட்ட ஒட்டுறது

ஜாயின் முன்னாடி பின்னாடி ரோ எண்ணிக்கைய எழுதி வெக்காம ஒட்டாதீங்க.

லைசென்ஸ்

படிங்க, ப்ராஜெக்ட் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி.