‘ஒற்றுப் பிழை’ என்று குறித்து வைத்தால் ஒற்றுப் பிழை போகாது

தமிழில் தொடர்ந்து எழுதுபவர்களில் பலர் ஒரு பிழைப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆசிரியரோ இதழின் பிழைதிருத்துநரோ சிவப்பு மையில் சுழித்ததைப் பார்த்து ‘ஒற்று, ஒருமை–பன்மை, ர–ற’ என்று எழுதி வைக்கிறார்கள். அடுத்த கட்டுரையில் அதே பிழைகள் திரும்ப வருகின்றன. அந்த மூன்றும் இலக்கண நூலின் இயல் தலைப்புகள் மட்டுமே. உங்கள் கை எந்த இடத்தில் தவறுகிறது என்பதை அவை சொல்வதில்லை.

பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு நாளேட்டின் ஞாயிறு பதிப்புக்கு எழுதும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தலா 700 சொல்லில் ஆறு கட்டுரைகள், அவற்றில் மொத்தம் 83 திருத்தங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கட்டுரையை வைத்துப் பட்டியல் போட்டால் அன்றைய அவசரம்தான் தெரியும். ஐந்தாறு கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் பழக்கம் தெரியும். இதழ் திருத்தத்தைக் காட்டாமல் அச்சிட்டுவிட்டால், அச்சான வடிவத்தைக் கேட்டு வாங்கி, நீங்கள் அனுப்பிய கோப்போடு வேர்டில் `Review` → `Compare` கொண்டு ஒப்பிடலாம். பழைய எழுத்துருவில் வரும் பக்கங்கள் இதற்கு ஒத்துவராது. அவற்றை இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால்தான் ஒப்பிட வேண்டும்.

83 திருத்தங்களையும் அப்படியே பட்டியலில் ஏற்றுவது அடுத்த தவறு. அவற்றில் 31 இடத்துக்காகச் சுருக்கியவை, நடைக்காக மாற்றியவை. அவை பிழைகளே அல்ல. 9 விசை தவறி விழுந்தவை. மீதி 43. ‘வாழ்த்துகள்–வாழ்த்துக்கள்’, ‘நாள்கள்–நாட்கள்’ போல இரு தரப்பும் வாதிடும் சொற்களும் இங்கே வேண்டாம். எந்த இதழ் எதை ஏற்கிறது என்று தனித்தாளில் குறித்துக்கொண்டால் போதும். பிழைப் பட்டியலில் அவற்றைக் கலந்தால், நாளடைவில் சரியான வடிவத்தையும் சந்தேகிக்கத் தொடங்குவீர்கள்.

இனி அந்த 43-ஐ வகைப்படுத்த வேண்டும். 24 வல்லினம் பற்றியவை, 11 ஒருமை–பன்மை, 8 ரகர றகரம். பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான வேலை இதற்கு அப்புறம்தான். அந்த 24-இல் ஒரு வாக்கியத்தை மட்டும் பாருங்கள்:

எழுதியது: தண்ணீர்மலைக்கு காவடி எடுத்து வந்தப் பக்தர்கள்
திருத்தியது: தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்து வந்த பக்தர்கள்

ஒரே வரியில் இரண்டு பிழைகள். இரண்டும் ‘ஒற்றுப் பிழை’தான், ஆனால் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. முதலாவதில் நான்காம் வேற்றுமை ‘கு’வுக்குப் பின் வர வேண்டிய ஒற்று இல்லை. இரண்டாவதில் பெயரெச்சத்துக்குப் பின் வரக்கூடாத ஒற்று வந்திருக்கிறது. 24-ஐயும் இப்படிப் பிரித்தால், விட்டுப்போனவை 5, தேவையில்லாமல் போட்டவை 15, உதிரி 4. இவருடைய சிக்கல் ஒற்றை விடுவதைவிட, அதிகமாகப் போடுவதுதான். ‘ஒற்றைக் கவனி’ என்று எழுதி வைத்திருந்தால் இன்னும் அதிகமாகப் போட்டிருப்பார்!

ஏன் போடுகிறார் என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். ‘அந்தப் பக்தர்கள்’ சரி என்று கற்றிருக்கிறார். ‘வந்த’ என்பதும் காதுக்கு ‘அந்த’ போலவே ஒலிப்பதால் கை தானாக ‘ப்’ போட்டுவிடுகிறது. ‘சொன்னக் கதை’, ‘இருந்தக் கடை’ எல்லாம் இதே வழியில் வந்தவைதான். காரணம் தெரிந்துவிட்டால் சோதனையும் கிடைத்துவிடும்: காலத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். ‘வந்த பக்தர்கள்’ என்பதை ‘வருகிற பக்தர்கள்’ என்று மாற்ற முடிகிறது. எனவே அது பெயரெச்சம், ஒற்று மிகாது. ‘அந்த’ என்பதற்குக் காலம் கிடையாது, ஒற்று மிகும்.

அதனால் பட்டியலில் அவர் எழுத வேண்டிய பதிவு இப்படி இருக்கும்: தவறாக எழுதிய சொந்த வாக்கியம், திருத்திய வடிவம், கை ஏன் அப்படிப் போனது என்று ஒரு வரி, கண்டுபிடிக்கும் வழி. நான்கு வரிக்கு மேல் வேண்டாம். சரியான வடிவத்தை மட்டும் எழுதி வைப்பவர்கள் நிறையப் பேர். ‘வந்த பக்தர்கள்’ என்ற வரியை மட்டும் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அதை ஏன் எழுதினோம் என்பதே நினைவுக்கு வராது.

கண்டுபிடிக்கும் வழி என்பது பெரும்பாலும் தேடல்தான். `Ctrl+F` அழுத்தி, கடைசியில் ஓர் இடைவெளியும் சேர்த்து இவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்:

```
தக் 
தச் 
தத் 
தப் 
```

இவருடைய பிழைகளில் சில ‘ன’வில் முடிவதால் ‘னக், னச், னத், னப்’ என்ற நான்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘அந்தப் பையன்’, ‘ரத்தப் பரிசோதனை’, ‘எனக் கூறினார்’ போன்ற சரியானவையும் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் காலம் மாற்றும் சோதனையைச் செய்தால் அவை விலகிவிடும். ‘தீராக் கவலை’ போன்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் ஒற்று மிகும் என்ற விதிவிலக்கைப் பதிவின் ஓரத்தில் குறித்துவிடுங்கள். ‘தீராத கவலை’க்கு மிகாது. எல்லையைக் குறிக்காத விதி நாளைக்கு வேறொரு பிழையைக் கொண்டுவரும். ‘வந்தப்’ பிறந்ததே அப்படித்தான்.

எல்லாப் பிழையும் தேடலில் சிக்காது. ‘தண்ணீர்ப் பந்தல்கள் சாலையோரம் வரிசையாக நிற்கிறது’ என்று எழுதுவதற்குக் காரணம் பேச்சுத் தமிழ். பேசும்போது ‘பந்தலுங்க நிக்குது’ என்றுதான் சொல்கிறோம். இதற்குக் ‘கிறது’ என்று முடியும் ஒவ்வொரு வினையிலும் நின்று, அதன் எழுவாய் எது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். வினைக்கும் எழுவாய்க்கும் நடுவே ஏழெட்டுச் சொல் இருக்கும் வாக்கியங்களில்தான் அதிகம் வழுக்கும்.

ரகர றகரப் பிழைகளுக்கு விதியைத் தேடி அலைய வேண்டாம். எட்டையும் எடுத்துப் பார்த்தால் மூன்று சொற்கள்தான் மாறி மாறி வந்திருக்கும்: ‘பொருத்தவரை’, ‘பொருப்பாளர்’, ‘சிரப்பு’. இந்த மூன்றையும் எழுதி வைத்தால் போதும். ‘பொருப்பு’ என்றால் மலை, அதுவும் தமிழ்ச் சொல்தான் என்பதால், பிழைதிருத்தி அதைக் கோடிட்டுக் காட்டும் என்று நம்ப முடியாது. அதையும் கையால்தான் தேட வேண்டும்.

பட்டியலில் ஒரே நேரத்தில் ஏழு பதிவுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏழையும் ஒரே வாசிப்பில் பார்க்க முயல்வதும் வேண்டாம். அப்படிச் செய்தால் கண் கதைக்குள் போய்விடும், பிழை கண்ணில் படாது. ஒரு வாசிப்பில் ஒரே பிழையைத் தேடுங்கள். எண்ணிக்கை அதிகமுள்ளதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிந்து ஒரு இரவு கழிந்த பிறகு செய்வது நல்லது.

எழுதி முடித்ததும் தேடலில் எத்தனை பிழைகள் கிடைத்தன என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போன பிறகு திருத்தப்பட்டவற்றை மட்டும் எண்ணினால், பழக்கம் குறைந்ததா, தேடல்தான் காப்பாற்றியதா என்று பிரித்தறிய முடியாது. தேடலிலேயே தொடர்ந்து நான்கு கட்டுரைகளுக்குச் சுழியம் வந்தால் அந்தப் பதிவை எடுத்துவிடலாம். கிழித்துப் போடாமல் கடைசிப் பக்கத்துக்கு மாற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கட்டுரையில் மட்டும் தேடிப் பாருங்கள். திரும்ப வந்திருந்தால், பழைய வாக்கியத்தை அடித்துவிட்டுப் புதிதாகத் தவறிய வாக்கியத்தை எழுதி முதல் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். இம்முறை காரணம் வேறாகவும் இருக்கலாம்.