கூரை ஒழுகினால் மேல் வீட்டுக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உங்க பைப் உடைஞ்சிருக்கு, எங்க சீலிங் பாழாகுது." அடுக்குமாடியில் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். இதில் கோபத்தைவிடப் பெரிய தவறு, காரணத்தை நாமே முடிவு செய்துவிடுவது. மேல் வீட்டார் குழாயடியைப் பார்ப்பார்கள், ஒழுகல் எதுவும் தெரியாது. "எங்க பைப் நல்லாத்தான் இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எழுத வேண்டியது காரணத்தை அல்ல, நேரத்தை. மேல்தொட்டியிலிருந்து வரும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அது சுவருக்குள் விரிசல் விட்டால் ராத்திரியிலும் சொட்டும், மேலே ஆளே இல்லாதபோதும் சொட்டும். கழிவுநீர்க் குழாய் என்றால் குளித்த, துவைத்த பிறகுதான் சொட்டும், அப்புறம் குறையும். குளியலறை டைல்ஸுக்குக் கீழே தாழ்வாக விட்டிருக்கும் தளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் இந்த வேறுபாடு மங்கிப்போகும். அதனால் ஓரிரு நாள் கவனித்து, ஈரத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு எழுதுங்கள். லைட் பாயின்ட் அல்லது ஃபேன் பக்கம் ஈரம் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அந்த இணைப்பின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு நேரில் போய்ச் சொல்லுங்கள்.

"சீக்கிரம் சரி செய்யுங்கள்" என்று மொட்டையாகக் கேட்பது அடுத்த தவறு. எங்கே தொடங்குவது என்று அவர்களுக்கும் தெரியாது. ஒரு சோதனையைக் கேளுங்கள்:

"வணக்கம் சார். கீழ் வீட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் குளியலறைக்கு நேர் கீழே எங்கள் கூரை ஒழுகுகிறது. காலை 7 மணிக்கு மேல் சொட்டத் தொடங்கி மதியத்துக்குள் குறைகிறது, இரவில் இல்லை. கழிவுநீர்க் குழாயாக இருக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை. ஞாயிறு காலை பிளம்பர் வரட்டுமா? தரையில் தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பை அடைத்து, சில மணி நேரம் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்திப் பார்க்கலாம். சோதனை முடியும்வரை அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் இருந்தால் உதவியாக இருக்கும்."

தண்ணீர் நிற்கும்போதே கீழே சொட்டினால் டைல்ஸ் இடுக்கில் கோளாறு இருக்கலாம். அடைப்பை எடுத்து, தண்ணீர் இறங்கிய பிறகுதான் சொட்டுகிறது என்றால் ட்ராப்பையோ அதற்குக் கீழுள்ள குழாயையோ பார்க்க வேண்டும். நாள் முழுக்கச் சொட்டும் வீட்டில் கேட்க வேண்டியது வேறு: அந்தக் குளியலறையின் கேட் வால்வை ஓர் இரவு மூடி வைக்கச் சொல்லுங்கள். சொட்டு குறைந்தால் அழுத்தக் குழாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதல் கடிதத்திலேயே பெயின்ட் செலவைக் கேட்காதீர்கள். கோளாறு எங்கே என்று தெரியும் முன் பணம் பேசினால், அவர்கள் பிளம்பரை உள்ளே விடவே தயங்குவார்கள். அசோசியேஷன் குழுவில் படம் போடுவதும் அப்படித்தான். மேலே வாடகைக்கு இருப்பவர்கள் என்றால் தரையை உடைக்க அவர்களால் சம்மதிக்க முடியாது. உரிமையாளருக்கும் அதையே அனுப்புங்கள்.

வேலை முடிந்த பிறகு, "இன்னும் ஒழுகுது" என்று அவசரப்பட்டு இரண்டாவது கடிதம் எழுதுவதும் தவறுதான். கான்கிரீட்டில் ஊறிய தண்ணீர் சில நாள் சொட்டலாம், முழுதாகக் காய வாரக்கணக்கில் ஆகும். ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டினால் மட்டும் மறுபடி எழுதுங்கள். கோட்டுக்குள் சுருங்கிக்கொண்டே வந்தால், நன்றாகக் காயும்வரை பெயின்டரைக் கூப்பிடாமல் விட்டுவிடுங்கள்.