சித்தியின் விசாவுக்குத் தம்பி எழுதிய கடிதம்

லண்டனில் இருக்கும் சித்தி மகன், கோபியிலிருந்து அம்மாவை விசிட் விசாவில் அழைக்க ஸ்பான்சர் கடிதம் எழுதி, “ஒருக்கா பாத்துருங்ண்ணா” என்று அனுப்பினான். எழுத்துப்பிழைகள் கிடக்கட்டும். உறுத்தியது ஒரு வரி: ‘நாங்கள் வேலைக்குப் போகையில் அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வார்.’ நம்மூரில் இது சாதாரணம். அங்கே விசிட்டராக வந்து ஆயா வேலை பார்ப்பதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. கேட்டால், “பாப்பா நர்சரிக்குத்தானுங்ண்ணா போகுது, சும்மா எழுதினேன்” என்றான். எடுக்கச் சொல்லி, ‘பேத்தியைப் பார்க்க வருகிறார், குழந்தை நர்சரிக்குப் போகிறது’ என்று உள்ளதையே எழுத வைத்தேன்.

அடுத்து, ‘தேவைப்படும்வரை தங்குவார்’. விசிட்டர் வழக்கமாக 6 மாதத்துக்கு மேல் தங்க முடியாது. சித்தியின் விண்ணப்பத்திலோ ஆறு வாரம். அதே தேதிகளைக் கடிதத்திலும் போட்டான். சித்தி பெயரை மட்டும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். இனிஷியல் அதில் விரிந்து அப்புச்சி பெயராக நிற்கிறது.