மேடைப் பதற்றமா? முதல் ஒரு நிமிடத்தைக் கவனியுங்கள்

கல்லூரி செமினாரோ, ஆபீஸ் பிரசன்டேஷனோ, பதற்றம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் ஒரு நிமிடத்தில்தான். அதனால் முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் சரிந்துவிடும். முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு குறிப்புச் சொல் போதும். ஒத்திகையை நின்றுகொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகையே இல்லை.

உங்கள் முறைக்கு முன்னால் நாற்காலியில் இருந்தபடியே மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். இரண்டு நிமிடம் போதும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும். அதனால்தான் அதை நீட்டுகிறோம். தலை லேசாகச் சுற்றினால் ரொம்ப ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், சாதாரண மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

அப்புறம், கை நடுங்குவது எல்லோருக்கும் தெரியுமே என்ற பயம். சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசுபவர்கள் நினைக்கிற அளவுக்கு அவர்களுடைய பதற்றம் கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை என்று கண்டார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசியவர்கள் இன்னும் நன்றாகவே பேசினார்கள். படபடக்கும் நெஞ்சை யாரும் பார்க்க முடியாது. கையில் பிடித்த ஒற்றைத் தாள் நடுங்குவது மட்டும் நன்றாகத் தெரியும். குறிப்புகளைக் கெட்டி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.