பகிர்ந்துகொள்ளவா, பகிர்ந்துக்கொள்ளவா? வினையெச்சத்துக்குப் பின் ஒற்று எப்போது வரும்

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொங்கல் நெருங்கினால் தமிழ்க் குழுவின் வாட்ஸ்அப்பில் இப்படி ஓர் அறிவிப்பு வரும்:

"அனைவரும் காலையிலேயே வந்துச் சேர்ந்து, கோலம் போட்டு காட்டி, வீட்டில் செய்துக் கொண்டு வந்த பலகாரத்தைப் பகிர்ந்துக் கொள்ளவும். போட்டியில் கலந்துக் கொள்ள பெயர் எழுதி கொடுக்கவும்."

இதில் நான்கு இடத்தில் வேண்டாத ஒற்று, மூன்று இடத்தில் வேண்டிய ஒற்றைக் காணோம். ஏழுமே ஒரே வகைத் தவறு, வினையெச்சத்துக்குப் பின்னால் வருவது. அதனால் வல்லினம் மிகும் இடங்கள் எல்லாவற்றையும் இன்று தொடப் போவதில்லை, இந்த ஒன்றை மட்டும் முழுதாகப் பார்ப்போம்.

முதல் படி: அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேள்வியே இல்லை. "கொண்டு வந்த" என்பதில் வ வருகிறது, விட்டுவிடலாம்.

இரண்டாம் படி: முன்னால் இருக்கும் வினை எதில் முடிகிறது? இகரத்திலோ ய் என்ற எழுத்திலோ முடிந்தால் ஒற்று வரும். எழுதிக் கொடு, ஓடிப் போ, போய்ச் சேர். ஆக, அறிவிப்பில் "எழுதிக் கொடுக்கவும்" என்றுதான் இருக்க வேண்டும். ல் என்று முடிந்தால் வராது: வந்தால் போதும், சொல்லாமல் போனான்.

அகரத்தில் முடிந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு வேறு சொற்கள் அங்கே ஒரே மாதிரி முடிகின்றன. "படித்த புத்தகம்" என்பதில் ஒற்று இல்லை, "படிக்கப் புத்தகம் கொடுத்தாள்" என்பதில் உண்டு. படித்த என்பது எந்தப் புத்தகம் என்று சொல்கிறது, அது பெயரெச்சம். படிக்க என்பது எதற்குக் கொடுத்தாள் என்று சொல்கிறது, அது வினையெச்சம். எதற்கு என்று கேட்டால் பதில் கிடைக்கிறதா, ஒற்றுப் போடுங்கள். எதற்குப் பெயர் கொடுக்க வேண்டும்? கலந்துகொள்ள. அதனால் "கொள்ளப் பெயர்". வரச் சொன்னார், பாடத் தொடங்கினாள், நன்றாகப் படி எல்லாம் இந்த வரிசைதான். கடைசி இரண்டிலும் எதற்கு என்ற கேள்வி பொருந்தாது, ஆனால் பின்னால் வருவது வினை என்பதே போதும்.

மூன்றாம் படிதான் பெரும்பாலோரைக் குழப்புவது: உகரத்தில் முடியும் வினையெச்சம். இங்கே கடைசி எழுத்தைப் பார்த்துப் பயனில்லை, வந்து, படித்து, செய்து, அழுது எல்லாம் து என்றுதான் முடிகின்றன. அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். அங்கே புள்ளி வைத்த வல்லினம் (த், ட், ற், க்) இருந்தால் ஒற்று வரும்: படித்துப் பார், விட்டுச் செல், கற்றுக் கொடு, புக்குப் பார். இலக்கணத்தில் இதை வன்தொடர்க் குற்றியலுகரம் என்பார்கள். மெல்லினம் இருந்தால் வராது: வந்து போ, உண்டு பார், நின்று பேசு. இடையினம் இருந்தாலும் வராது: செய்து கொடு. உயிர்மெய் இருந்தாலும் வராது: அழுது தீர்த்தான்.

இப்போது அறிவிப்புக்குத் திரும்பினால் வேலை சுலபம். "வந்து" என்பதில் து எழுத்துக்கு முன் ந், ஆகவே "வந்து சேர்ந்து". "போட்டு" என்பதில் ட், ஆகவே "போட்டுக் காட்டி". "செய்து" என்பதில் ய், ஆகவே "செய்து கொண்டு". பகிர்ந்து, கலந்து இரண்டிலும் ந், ஒற்றுக்கு இடமில்லை. சேர்த்து ஒரே சொல்லாக எழுதினாலும் பகிர்ந்துகொள்ளவும், கலந்துகொள்ள என்றுதான் வரும். "என்றுக் கூறினார்" என்று செய்திகளிலேகூடப் பார்க்கிறோம், அதுவும் இதே கணக்கில் தவறு. று எழுத்துக்கு முன் ன் இருக்கிறது.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு பரவியது என்றால், எடுத்துக்கொள், வைத்துக்கொள், கேட்டுக்கொள் என்று அன்றாடம் புழங்கும் பல சொற்களில் க் உண்டு, அதே பழக்கத்தில் விரல் பகிர்ந்து என்பதற்கும் க் போட்டுவிடுகிறது. அடுத்த முறை கொள் என்று தட்டச்சு செய்யும்போது கொள் என்பதைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் உள்ள து, டு, று எழுத்துக்கும் முன்னே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்றாம் படியைப் பெயர்ச்சொற்களுக்குக் கொண்டுபோகக் கூடாது. மருந்து என்பதிலும் ந் இருக்கிறது, ஆனால் மருந்துக்கடை என்றுதான் எழுத வேண்டும். இரும்பு என்பதில் ம் இருக்கிறது, இரும்புப் பெட்டி என்றுதான் வரும். மருந்தை விற்கும் கடை, இரும்பால் ஆன பெட்டி என்று அங்கே வேற்றுமை மறைந்து நிற்கிறது, அதற்கு விதி வேறு. முன்னால் இருப்பது வினை, பின்னால் வருவதும் வினை என்றால் மட்டும் இந்தப் படியைப் பயன்படுத்துங்கள்.