61.8-இல் வாங்கினால் ஜெயிக்குமா? ரிட்ரேஸ்மென்ட் பேக்டெஸ்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பெரிய நகர்வுக்குப் பிறகு விலை அதில் 38.2, 50, 61.8 சதவீதம் போன்ற குறிப்பிட்ட அளவு திரும்பி வந்து, அங்கே மறுபடி திசை மாறும் என்பதே ரிட்ரேஸ்மென்ட் லெவல்களின் மேல் உள்ள நம்பிக்கை. அதை விதியாக எழுதிப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பது பேக்டெஸ்ட். ஒரு உதாரணம்: நிஃப்டி 2020 ஜனவரி 20 அன்று 12,430.50 வரை ஏறியது. மார்ச் 24 அன்று 7,511.10 வரை விழுந்தது. அங்கிருந்து எழுந்து ஏப்ரல் 30 அன்று 9,889-ஐத் தொட்டு, மே நடுவில் 8,800 பக்கம் வரை மறுபடி இறங்கியது. விழுந்த 4,919 புள்ளியில் பாதியை மீட்கும் இடம் 9,971. “பாருங்கள், 50 சதவீதத்தில் அப்படியே திரும்பிவிட்டது” என்று இந்த சார்ட்டைக் காட்டிச் சொல்வது சுலபம்.

ஆனால் சந்தை திரும்பியது 9,889-இல். லெவலுக்கு 82 புள்ளி முன்னாலேயே. 9,971-இல் விற்க லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருந்தவருக்கு ஏப்ரலில் ஆர்டரே நிறைவேறியிருக்காது. அதை ரத்து செய்யாமல் விட்டிருந்தால் ஜூன் முதல் வாரத்தில் நிறைவேறியிருக்கும். அதற்குப் பிறகு நிஃப்டி ஏறிக்கொண்டே போய் நவம்பரில் ஜனவரி உச்சத்தையும் தாண்டியது. கண்ணுக்கு வெற்றியாகத் தெரியும் இதே உதாரணம், விதியாக எழுதி ஓட்டினால் நஷ்டத்தில் முடியும் டிரேடு.

“கிட்டத்தட்ட” என்பதற்கு அளவு வைக்காதது

9,889 என்பது 48.3% மீட்பு. 50-இலிருந்து 1.7 தள்ளி இருக்கிறது. இதை “லெவல் வேலை செய்தது” என்ற கணக்கில் சேர்க்கலாமா? ±3% வரை சலுகை என்று வைத்தால் சேரும். ஆனால் அந்தச் சலுகைக்கு என்ன விலை என்று யாரும் பார்ப்பதில்லை.

வழக்கமாக ஃபிபோனச்சி லெவல்கள் என்று சொல்பவை ஐந்து: 23.6, 38.2, 50, 61.8, 78.6. (50 ஃபிபோனச்சி விகிதமே இல்லை. திருத்தங்கள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை போகும் என்ற டவ் கோட்பாட்டுக்காரர்களின் பழக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.) ஒவ்வொன்றைச் சுற்றியும் 6 சதவீத அகலப் பட்டை போட்டால் மொத்தம் 30. 20-க்கும் 82-க்கும் இடையில் இருக்கும் 62 சதவீதத்தில் ஏறக்குறைய பாதியை லெவல்களே அடைத்துக்கொள்கின்றன. இந்த எல்லைக்குள் புல்பேக், அதாவது நகர்வுக்கு எதிராக இடையில் வரும் திருத்தம், கண்ணை மூடிக்கொண்டு எங்கே நின்றாலும் இரண்டில் ஒரு முறை ஏதாவது ஒரு லெவலுக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

அதனால் “எங்கே திரும்பியது” என்ற கேள்வியையே பேக்டெஸ்டில் கேட்காதீர்கள். திரும்பிய இடம் பிறகுதான் தெரியும். “இந்த விலையில் ஆர்டர் போட்டால் என்ன கிடைக்கும்” என்று கேளுங்கள். ஆர்டருக்கு ஒரே விலைதான், அதில் “கிட்டத்தட்ட” கிடையாது.

வெற்றி விகிதத்தைப் பார்த்து மயங்குவது

இதுதான் பெரிய தவறு, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பரவலான விதி இது: ஏறிய ஸ்விங்கின், அதாவது ஒரு அடியிலிருந்து ஒரு உச்சம் வரை போன நகர்வின், உச்சத்திலிருந்து 38.2% இறங்கியதும் வாங்கு, ஸ்டாப் லாஸ் ஸ்விங்கின் அடியில், டார்கெட் பழைய உச்சம். ஓட்டிப் பார்த்தால் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல் வெற்றி என்று வருகிறது. உடனே லெவலுக்கு மாலை போட்டுவிடுகிறோம்.

ஆயிரம் படி உள்ள ஏணியில் 618-ஆவது படியில் ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். நாணயம் சுண்டி, தலை விழுந்தால் ஒரு படி மேலே, பூ விழுந்தால் ஒரு படி கீழே. தரையைத் தொடுவதற்கு முன்னால் உச்சியைத் தொடும் வாய்ப்பு 61.8%. உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறார், அதனால் அடிக்கடி உச்சியை அடைகிறார், அவ்வளவுதான். 38.2% இறங்கிய இடத்தில் வாங்குவதும் இதே கணக்கு. எந்தத் திறமையும் இல்லாத, போக்கே இல்லாத விலையிலும் 38.2% ஆழத்தில் வெற்றி 61.8% வரும். 50-இல் பாதிக்குப் பாதி. 61.8-இல் 38.2%.

மறுபக்கத்தில் லாப அளவு அதைச் சரிக்கட்டிவிடும். ஆழத்தை `d` என்று வைத்தால் ஜெயிக்கும்போது கிடைப்பது ரிஸ்க்கைப் போல, அதாவது ஸ்டாப்பில் இழப்பதைப் போல, `d/(1-d)` மடங்கு. 38.2-இல் 0.62 மடங்கு, 61.8-இல் 1.62 மடங்கு. வெற்றி வாய்ப்போடு பெருக்கித் தோல்வியைக் கழித்தால் எல்லா ஆழத்திலும் விடை பூஜ்யம். ஆகவே “38.2 அடிக்கடி ஜெயிக்கிறது”, “61.8 பெரிய லாபம் தருகிறது” என்ற இரண்டு வாதமும் ஏணியைப் பற்றியவை. சந்தையைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது ஒரு டிரேடுக்குச் சராசரியாக ரிஸ்க்கில் எத்தனை மடங்கு கிடைத்தது என்பதை, அதுவும் செலவு போக.

அந்தச் சராசரி பூஜ்யத்துக்கு மேல் வந்தால்கூட லெவலுக்குப் பெருமை சேராது. நீண்ட காலத்தில் ஏறும் குறியீட்டில் வாங்கும் டிரேடுகளை மட்டும் சோதித்தால் 43-இலும் லாபம் வரும், 57-இலும் வரும்.

ரேண்டமோடு ஒப்பிடுகிறேன் என்று வேறொன்றோடு ஒப்பிடுவது

சரி, ரேண்டமாக ஒரு நாளில் வாங்கியதோடு ஒப்பிடலாமா? கூடாது. அதில் ஸ்டாப், டார்கெட், காத்திருக்கும் காலம் எல்லாமே மாறிவிடும். ஸ்விங், ஸ்டாப், டார்கெட், செலவு, ஆர்டர் காலாவதி எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஆழம் மட்டும் மாற வேண்டும்.

அப்போதும் ஒரு பொறி உண்டு. 20 முதல் 80 வரை ரேண்டம் ஆழம் எடுத்து 61.8-உடன் ஒப்பிட்டால், ரேண்டமின் சராசரி ஆழம் 50. ஆழம் மாறினால் எந்தெந்த ஸ்விங்கில் ஆர்டர் நிறைவேறும் என்பதும் மாறும். 25-இல் ஏறக்குறைய எல்லா புல்பேக்கும் மாட்டும். 61.8-க்கு ஆழமாக விழுந்தவை மட்டும்தான் வரும், அவற்றில் பல ஏற்கனவே பலவீனமானவை. ஆகவே ஒவ்வொரு லெவலுக்கும் அதன் பக்கத்து வீட்டுக்காரர்களையே எதிரில் நிறுத்துங்கள். 61.8-க்கு 56 முதல் 60 வரையும், 63.6 முதல் 67.6 வரையும் ரேண்டமாக எடுக்கலாம். சராசரி ஆழம் அதே 61.8 வரும்.

இன்னும் எளிய வழி, எல்லா ஆழத்தையும் ஓட்டிவிடுவது:

```python
for d in np.arange(0.20, 0.801, 0.01):
    entry = hi - d * (hi - lo)
    r = simulate(entry, stop=lo, target=hi)
    result[round(d, 2)].append(r)
```

நிறைவேறாத ஆர்டருக்கு `r` பூஜ்யம். அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள், ஒரு ஸ்விங்குக்கு எவ்வளவு என்றுதான் சராசரி வேண்டும். பிறகு ஆழத்துக்கு எதிராகச் சராசரியை வரையுங்கள். 38, 50, 62 அருகே மட்டும் மேடு தெரிந்தால் லெவலில் ஏதோ இருக்கலாம். மேடே இல்லாமல் சரிவாக ஏறினாலோ இறங்கினாலோ ஆழத்தின் விளைவு மட்டும்தான் இருக்கிறது. 57-இல் ஒரு மேடும் 44-இல் ஒரு மேடும் தெரிந்தால் அது இரைச்சலின் அளவைக் காட்டுகிறது, 62-இன் மேடு அதைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து லெவலில் சிறந்ததைப் பொறுக்கினால், எதிரிலும் ஐந்து ரேண்டம் ஆழங்களில் சிறந்ததையே நிறுத்துவதுதான் நியாயம்.

உச்சம் என்று தெரிவதற்கு முன்னால் வாங்குவது

ஸ்விங் உச்சத்தைப் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: இரண்டு பக்கமும் 5 கேண்டில்களைவிட உயரம். இது 5 கேண்டில் கழித்துத்தான் உறுதியாகும்.

```python
k = 5
peak = df.high == df.high.rolling(2*k + 1, center=True).max()
known = peak.shift(k, fill_value=False)
```

`center=True` எதிர்காலத்தைப் பார்க்கிறது. `peak`-ஐ அப்படியே பயன்படுத்தினால் ஏமாற்று, `known` வந்த பிறகே ஆர்டர் போகலாம். அடி 22,000, உச்சம் 22,800 என்று ஒரு ஸ்விங். 38.2% லெவல் 22,494. உச்சத்துக்கு மூன்றாம் நாளே விலை 22,480-க்கு வந்துவிட்டது. ஆனால் 22,800 உச்சம்தான் என்று தெரிவது ஐந்தாம் நாள் முடிவில். மூன்றாம் நாள் 22,494-இல் வாங்கியதாக பேக்டெஸ்ட் சொன்னால் அது நடக்கவே முடியாத டிரேடு.

இந்தத் தவறு எப்போதும் லாபத்தைக் கூட்டிக் காட்டும் என்று நினைக்க வேண்டாம். ஐந்து நாளுக்குள் புது உச்சம் போன ஸ்விங்குகள் `peak` பட்டியலிலேயே இருக்காது. வேகமாக ஜெயித்த டிரேடுகள் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். புல்பேக்கின் அடியையும் இதே முறையில் கண்டுபிடித்து அங்கே வாங்கினால் எதிர்மாறாக லாபம் வானத்தைத் தொடும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஊகிக்க முடியாததால்தான் இதைச் சரிசெய்யாமல் எந்த முடிவையும் நம்ப முடியாது.

உறுதியாகும்வரை காத்திருக்க விருப்பமில்லை என்றால் இன்னொரு விதி எழுதலாம்: புது உச்சம் வரும் ஒவ்வொரு நாளும் லெவலை மறுபடி கணக்கிட்டு, ஆர்டரை அடுத்த நாளுக்கு நகர்த்து. அதுவும் நேர்மையானதே. எல்லா ஆழத்துக்கும் ஒரே விதி இருந்தால் போதும்.

ஒரே கேண்டிலுக்குள் எல்லாம் நடந்தது என்று எண்ணுவது

தினசரி கேண்டிலில் முதலில் அடியா உச்சமா என்பது தெரியாது. வாங்கிய நாளிலேயே டார்கெட்டும் தொட்டிருந்தால், காலையில் மேலே போய் மதியம் லெவலுக்கு இறங்கியிருக்கலாம். வாங்கிய கேண்டிலில் டார்கெட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஸ்டாப்பை மட்டும் எடுங்கள். இந்தச் சிக்கல் வரும் நாட்கள் நிறைய என்றால் 5 நிமிடத் தரவுக்குப் போவதே மேல். இது ஆழத்தைப் பொறுத்து வேறுபடும் என்பதைக் கவனியுங்கள். ஆழமற்ற என்ட்ரிக்கு டார்கெட் பக்கம், ஆழமானதற்கு ஸ்டாப் பக்கம், அதனால் ஒப்பீடே கோணலாகும்.

நாற்பது டிரேடை வைத்து முடிவு கட்டுவது

61.8 என்ட்ரியில், மேலே சொன்ன ஸ்டாப்புக்கும் டார்கெட்டுக்கும், ஒரு டிரேடின் முடிவு சராசரியிலிருந்து விலகும் அளவு ரிஸ்க்கில் சுமார் 1.27 மடங்கு. 100 டிரேடின் சராசரியில் பிழை 0.13 வரும். 0.1 மடங்கு சாதகம் இருக்கிறதா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல 650 டிரேடு வரை வேண்டும். ஒரு குறியீட்டின் தினசரி ஸ்விங்கில் இது கிடைக்க வாய்ப்பே குறைவு. பக்கத்து ஆழத்தோடு அதே ஸ்விங்குகளில் ஒப்பிடும்போது முடிவுகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், அதனால் வித்தியாசத்தின் பிழை சுருங்கும். ஸ்விங்குக்கு ஸ்விங் கழித்து வரும் வித்தியாசத்தைச் சராசரி எடுங்கள், பிழையை அதிலேயே கணக்கிடுங்கள். 800 புள்ளி ஸ்விங்கில் 60-க்கும் 61.8-க்கும் இடையில் 14 புள்ளிதான். வித்தியாசம் தெரிந்தாலும், அது அந்த 14 புள்ளி மலிவாக வாங்கியதால் வந்ததா, லெவலால் வந்ததா என்று 63.6-ஐயும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.